இடப்பக்கத்துக்கு ஆளில்லை

ஆசனத்தில் ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் செய்தாக வேண்டும். வலப்பக்கம் சரிந்தவர் இடப்பக்கமும் சரிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். நாகேஸ்வரி இதைத் தன் வகுப்பில் சொல்லாத நாளில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ரியூசன் வகுப்பு ஒன்றின் மேல்மாடியை எடுத்து அவள் யோகாசனம் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

ரொறொன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் தியாகராசா, அங்குள்ள வயதான சனத்துக்குத் தமிழில் ஒரு யோகாசன டிவிடி வேண்டுமென்று கேட்டார். நாகேஸ்வரி உட்கார்ந்து எழுதினாள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கத்தில் ஆசனமும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் விதமும், மற்றப் பக்கத்தில் சொல்ல வேண்டிய வார்த்தையும் மூச்சும். சிவப்புப் பேனாவில் இசைக் குறிப்பு: இங்கே தம்புரா மட்டும், இங்கே புல்லாங்குழல் மெல்ல வரட்டும், இங்கே எல்லாம் அடங்கட்டும்.

செய்து காட்ட பேர்ணடெற் வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஒரு மருந்துக் கடையில் வேலை. வகுப்பிலேயே நன்றாக வளையும் உடம்பு. ஒரேயொரு குறை, கையைத் தூக்கினால் தோளும் கூடவே காதுக்கு ஏறிவிடும், மூச்சையும் பிடித்துக்கொள்வாள். நாகேஸ்வரி எழுதிய திருத்தங்களெல்லாம் அவளைப் பார்த்து எழுதியவைதான். 'தோளைக் காதிலிருந்து கீழே இறக்குங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம். முழங்கால் இறுகினால் கொஞ்சம் தளர்த்துங்கள்.'

படம் பிடித்தவன் றவூப், மாளிகாவத்தையில் கல்யாண வீடியோ எடுப்பவன். "கல்யாண ஊட்டுலயும் பொண்ணு அசையாம நிப்பா. எனக்கு இது பழகின வேலதான், டீச்சர்" என்றான்.

ஒழுங்கை முடிவில் ரயில் பாதை. ஒவ்வொரு ரயிலுக்கும் நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். பக்கம் மாறினால் லைட்டும் மாற வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் நிழல் விழும். அதனால் நின்று செய்யும் ஆசனங்களின் வலப்பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு லைட்டைத் திருப்புவது என்று றவூப் திட்டம் போட்டிருந்தான். வலப்பக்கம் முடியவே பின்னேரமாகிவிட்டது. யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி.

"இருட்ட முந்திப் போம்மா. இடப்பக்கம் நாளைக்கு எடுப்பம்" என்றாள் நாகேஸ்வரி.

"மிஸ், இப்ப எனக்கு ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. இப்பிடியே பஸ் ஏறவா?"

"கொண்டக்டர் அரை ரிக்கற்தான் கேட்பான், போ."

சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். காலி வீதியில் பஸ் ஏறியதை ஒரு கடைக்காரர் கண்டிருக்கிறார். கொட்டாஞ்சேனையில் இறங்கியதை ஒருவரும் காணவில்லை. பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள் என்றார் ஒருவர். வான் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது என்றார் இன்னொருவர். எந்தப் பொலிஸிலும் அவள் பெயர் இல்லை.

மாதங்கள் போயின. ரொறொன்ரோவிலிருந்து தியாகராசா தொலைபேசி எடுத்தார்.

"எனக்கும் கவலைதான் ஈசு. ஆனா சனம் கேக்குது. வேற பிள்ளையைப் போட்டு முழுசா எடன்."

வேறு பிள்ளையைக் கூப்பிட நாகேஸ்வரிக்கு வாய் வரவில்லை. றவூப்தான் வழி சொன்னான்.

"எடுத்த படத்தக் கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டுடுவேன். வலம் இடமாயிடும். ஒருத்தருக்கும் வெளங்காது."

கொம்பியூட்டரில் செய்தும் காட்டினான். பேர்ணடெற் இடப்பக்கம் சரிந்தாள். பின்னாலிருந்த ஜன்னல் மறுபக்கம் போயிருந்தது, அவ்வளவுதான். அப்படியே விடலாம் என்று நாகேஸ்வரி முடிவெடுத்தாள். திரையிலாவது பிள்ளை இரண்டு பக்கமும் செய்து முடிக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை பேர்ணடெற்றின் தகப்பன் கிளெமென்ற் வந்தார். ஆட்டுப்பட்டித்தெருவில் இரும்புக் கடையில் நிற்பவர். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தவிர மகளின் படம் வேறு அவரிடம் இல்லை.

"அவ ஆடி அசையுற படம் ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க, மிஸ். ஒருக்காப் பார்க்கலாமா?"

றவூப் போட்டான். தம்புரா ஒலித்தது. பேர்ணடெற் கால்களை அகட்டி, வலது பாதத்தை வெளியே திருப்பி, மூச்சை இழுத்துக் கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தினாள். மூச்சை விட்டபடி வலப்பக்கம் சரிந்தாள். வலது கை கணைக்காலில், இடது கை கூரையை நோக்கி.

"தோளத் தூக்குறா" என்றார் கிளெமென்ற். "சின்னதுலயே அப்பிடித்தான். ஏசினா தோள் மேல போயிடும்."

பிறகு திருப்பிய படம் வந்தது. அவர் கதிரையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.

"இது யாரு?"

"பேர்ணடெற்தான் ஐயா" என்றான் றவூப்.

"இல்ல தம்பி. புள்ளட சூடு இடது கைல."

அப்போதுதான் நாகேஸ்வரி பார்த்தாள். மேலே உயர்ந்திருந்த கையின் உட்புறத்தில், முழங்கைக்குக் கீழே, கோழிமுட்டையளவில் எண்ணெய் பட்ட தழும்பு. உள்ளங்கை முன்னால் பார்த்தபடி இருந்ததால் பளிச்சென்று தெரிந்தது. அது வலது கையில் இருந்தது.

"போன எடமெல்லாம் இடது கைன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார் கிளெமென்ற். "பொலிஸ்ல, செஞ்சிலுவைல, கோயில்ல ஃபாதர்ட்ட. இது வெளிநாடெல்லாம் போகும்ல? இதப் பார்த்தவன் எங்கயாவது என் புள்ளயக் கண்டா, வலது கையத்தானே பார்ப்பான்? இது அவ இல்லன்னுட்டுப் போயிடுவானே."

"தழும்ப மட்டும் அழிக்கலாம் ஐயா. சின்ன வேல" என்றான் றவூப்.

"அழிச்சா இன்னும் மோசம், தம்பி."

கனடாவில் கதிரையில் இருந்து மூச்சுப் பழகும் கிழவர்கள் எவரும் கொட்டாஞ்சேனைப் பெண்ணை எங்கேயும் காணப் போவதில்லை. அது நாகேஸ்வரிக்குத் தெரியும். கிளெமென்றுக்கும் தெரியாமலில்லை. ஆனாலும் மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு அடையாளம்தான். அதையும் இடம் மாற்றிவைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அதை எடுத்துப்போடு, றவூப்" என்றாள்.

"அப்ப இடப்பக்கம்?"

"பாயைப் படம் பிடி. வெறும் பாய். நான் சொல்லுறன், பாக்கிற ஆக்கள் செய்யட்டும்."

அன்றிரவு ரொறொன்ரோ கத்தியது. "காசு குடுத்து வாங்கிற சனம் வெறும் பாயைப் பாக்குமோடி? உனக்கென்ன விசரே?"

"ஓம் அண்ணை. இப்பிடித்தான் வரும். வேண்டாமெண்டா விடுங்கோ."

அடுத்த வாரம் லைட்டைத் திருப்பிவைத்தார்கள். பேர்ணடெற் நின்ற அதே இடத்தில் நீலப் பாயை விரித்தார்கள். இடப்பக்கத்துக்கு எழுதியிருந்த இசைக் குறிப்பையெல்லாம் நாகேஸ்வரி வெட்டிவிட்டிருந்தாள். கிளெமென்ற் உள்ளே வரவில்லை. படியில் இருந்தார்.

றவூப் கையைக் காட்ட அவள் தொடங்கினாள்.

"இடது பாதத்தை வெளியே திருப்புங்கள். வலது பாதம் கொஞ்சம் உள்ளே. மூச்சை இழுத்துக் கைகளை உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி இடப்பக்கம் சரியுங்கள். இடது கை கணைக்காலில். வலது கை மேலே."

பாய் கிடந்தது.

"தோள் காதுக்குப் போகிறது. மெல்லக் கீழே இறக்குங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம்."

றவூப் கமராவிலிருந்து தலையை எடுத்தான். "டீச்சர், இதுல தோளில்லயே" என்றான் தாழ்ந்த குரலில். "அந்த வரிய வெட்டுவமா?"

"நிப்பாட்டாதை. எடு."

அடுத்த வரி, 'மூச்சை இழுத்தபடி நிமிருங்கள்.' அதைச் சொன்னால் ஆசனம் முடிந்துவிடும். சரிந்து நிற்பவர் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருப்பார். அவள் தாளைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். படியில் கிளெமென்ற் செருமினார்.

மருதானைப் பக்கம் போகும் ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் முழுதும் நாடாவில் ஏறியது. ரயில் போய்முடிந்த பிறகுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது.

"நிமிருங்கள்."

"ரயில் சத்தம் விழுந்திருச்சு, டீச்சர்" என்றான் றவூப். "இது சரிவராது. முதல்லருந்து எடுக்கணும்."

நாகேஸ்வரி தாளைத் திருப்பினாள். பாயின் ஒரு மூலை காற்றுக்கு மடிந்து கிடந்தது. போய்க் குனிந்து அதை நேராக்கிவிட்டு வந்து நின்றாள்.

"இடது பாதத்தை வெளியே திருப்புங்கள்" என்றாள்.