ஒரு நாள் முன்னால் மாறிய பாஸ்வேர்ட்

எங்கள் பி.ஜி. விடுதி உரிமையாளர் அக்கா குரூப்பில் அறிவிப்பு போட்டால் அதில் தேனொழுகாது. போன மாதம் வந்தது இது:

“வைஃபையில் ஒருவருக்கு இரண்டு கருவிகள். பாஸ்வேர்டை வெளியாட்களுக்குத் தரக்கூடாது. மாத அளவு தீர்ந்தால் ஒன்றாம் தேதி வரை வீடு முழுக்க வேகம் குறையும். பெரிய டவுன்லோடு வேண்டாம். ஒன்றாம் தேதிதோறும் பாஸ்வேர்ட் மாறும். விருப்பமில்லாதவர்கள் சொந்த இணைப்பு வாங்கலாம்.”

படித்தோம், கட்டைவிரலை உயர்த்தினோம், வழக்கம்போல் சீரியல்களை இறக்கினோம். கடைசி வாரமே அளவு தீர்ந்தது. இருக்கிற துளி வேகத்தை வீடே பிய்த்துக்கொண்டது.

என் அறைத்தோழி கணக்காளர். கம்பெனியை மூடிவிட்டதால் மூன்று மாதமாக வேலை இல்லை. அவளுக்கு வீடியோ இன்டர்வியூ வந்தது மாதத்தின் கடைசி நாள், சனிக்கிழமை பதினொரு மணிக்கு. எல்லோரும் வீட்டில். எங்கள் அறையில் போன் சிக்னலும் கிடையாது. பத்தே முக்காலுக்குச் சோதித்துப் பார்த்தாள்; அவள் முகமே திரையில் உறைந்து நின்றது. அழுதுகொண்டே அக்காவிடம் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா லேப்டாப்பைத் திறந்து ரூட்டர் செட்டிங்ஸில் புது பாஸ்வேர்ட் போட்டார். அவ்வளவுதான், வீட்டிலிருந்த கருவிகள் எல்லாம் ஒன்றாகக் கழன்றன. புதியதை அவள் காதில் மட்டும் சொன்னார். துளி வேகம்தான்; ஒருத்திக்கு அது தாராளம்.

வீடு கொதித்தது. மாடியிலிருந்த நர்ஸ் இறங்கி வந்தாள். அக்காவின் கணவர் ரிமோட்டுடன் வந்து நின்றார்.

“மேட்ச் நின்னுடுச்சு.”

“நின்னா நிக்கட்டும். உக்காருங்க.”

“ஒண்ணாந்தேதி நாளைக்குத்தானேக்கா?” என்றாள் நர்ஸ்.

“தேதி பாக்காம மாத்திட்டேன். மதியம் தரேன்.”

குரூப்பில் ஆளாளுக்கு வறுத்தெடுத்தார்கள். சர்வாதிகாரி என்றுகூட ஒருத்தி எழுதினாள். அக்கா எங்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் கையசைத்தே திருப்பி அனுப்பினார். எனக்கு அந்த மனுஷியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அறைத்தோழி வெளியே வந்தாள். “வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கக்கா.”

அக்கா தலையாட்டிவிட்டு பாஸ்வேர்டை குரூப்பில் போட்டார். நான் பொறுக்காமல் கேட்டேன்:

“இன்டர்வியூன்னு குரூப்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இவ்ளோ திட்டு வாங்கணுமா?”

“சொல்லிட்டு, வேலை கிடைக்காமப் போயிருந்தா? வீடே வந்து அவகிட்ட துக்கம் விசாரிக்கும். அதுக்குப் பதிலா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்.”