தவிர்க்க வேண்டியவை

இரவு ஷிஃப்ட் வேலையில் இருந்த ஆறு வருடங்களில், அக்காவின் பிறந்தநாள் மூன்று முறை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்து போனது. மூன்றாவது முறை அவள் கோபப்படவில்லை. "பரவாயில்லடா, நீ பாவம்" என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் 'பாவம்' உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகுதான் போனில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

ஆளுக்கொரு பக்கம். தேதி, பிடித்தது, பிடிக்காதது, சேர்ந்து சிரித்தது. கீழே எந்த வருடம் என்ன அனுப்பினேன் என்பது. ஒருமுறை அனுப்பியதை மறுமுறை தொடமாட்டேன். ஏதாவது நடந்தால் அன்றைக்கே எழுதிவைப்பேன், ஏனென்றால் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. வேலையை விட்ட பிறகும் எழுதுவதை விடவில்லை.

அக்காவின் நாற்பதாவது பிறந்தநாள். காலை ஏழு மணிக்கு, அவள் பக்கத்தின் அடியிலேயே வாழ்த்தை எழுதினேன். மாமா வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புத் துண்டைத் துவைத்து, இரண்டு வாரம் ரோஸ் கலர் சட்டையில் ஆபீஸ் போன கதை. நன்றாக வந்திருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, அவளுக்கு அனுப்பினேன்.

எல்லாவற்றையும்.

"அக்கா. பிடித்தது: ஜன்னல் சீட், கொய்யாக்காய், யாரும் கேட்காமல் போட்டுத் தரும் டீ. பிடிக்காதது: வயசு ஜோக். முந்தின வருடம்: குடை பறந்தது, அனுப்பியாச்சு. போன வருடம்: லிஃப்டில் மாட்டியது, அனுப்பியாச்சு. தவிர்க்க: குழந்தைப் பேச்சு. எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்." அதன் கீழே வாழ்த்து.

அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் விழுந்தன. நான் அவசரமாக அழித்தேன். அழித்தது அதைவிட அசிங்கமாகத் தெரிந்தது. பதில் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். பதினொரு மணிக்குப் போய் நின்றேன். கன்னம் வீங்கிய ஒருவரும், தூங்கி வழியும் ஒரு அம்மாவும் காத்திருந்தார்கள். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள்.

"எனக்குப் பல் வலிக்கலக்கா."

"வரிசைன்னா வரிசைதான். உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். என் எண் வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. அவள் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

"படிச்சிட்டேன்டா. நீ அழிச்சது அப்புறந்தான்."

"தப்பா எடுத்துக்காதக்கா. உன்னை ஃபைல் போட்டு வச்சிருக்கேன்னு..."

"அது கெடக்கட்டும். நீ சொந்தமா ஞாபகம் வச்சிருந்தாத்தான் ஆச்சரியம். வீட்டுச் சாவியவே மறக்கிற ஆளு." குரலைத் தாழ்த்தினாள். "கடைசியில ஒண்ணு எழுதியிருந்தியே. அது எப்ப எழுதினது?"

"நாலு வருஷம் முன்னாடி. ஆஸ்பத்திரியிலிருந்து நீ வந்த வாரம்."

ஏழாம் மாதத்தில் போன குழந்தை. பெண். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எல்லாரும் மறந்துட்டாங்கன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சேன். உங்க மாமாகூட. நீ என்னடான்னா வருஷா வருஷம் அத நெனச்சு, நெனச்சு, எழுதாம விட்டிருக்க."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"இருக்கும். யாரும் பேசலன்னா இல்லாம போயிடுமா?" ரெஜிஸ்டரை மூடினாள். "அந்த வரிய எடுத்துடு. அவளுக்குத் தனியா ஒரு பக்கம் போடு."

போனை எடுத்தேன். குழந்தை போன தேதியைச் சொன்னாள், எழுதினேன். 'பிடித்தது' என்ற இடத்தில் விரல் நின்றது. அதை எப்படிக் கேட்பது? அதே சமயம் உள்ளறையில் டாக்டரின் டிரில் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது.

"பிடிக்காதது எழுது," என்றாள் அக்கா. "இந்தச் சத்தம். கேட்டாலே வயித்துக்குள்ள உதைப்பா. டாக்டரம்மாகூட, 'உன் பிள்ளை என் தொழிலுக்கு எதிரிம்மா'ன்னு சிரிப்பாங்க."

எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "'உதைப்பா'ன்னு போடு. 'உதைக்கும்'னு போடாத" என்றாள். திருத்தினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேதிக்கு என்னக்கா அனுப்பட்டும்? உனக்குத்தானே அனுப்பணும்?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?" கொஞ்சம் யோசித்தாள். "புதுசா எல்லாம் ஒண்ணும் தேடாத. வருஷா வருஷம் ஒரே வரி போதும். 'இன்னிக்குத்தான்'னு அனுப்பு."

கதவைத் திறந்துகொண்டு யாரோ தாடையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, டோக்கன் கிழித்தாள்.