தொலைபேசி உரையாடல், கால் மணி நேரம்

உதிரிபாகக் கடையில் கணக்கெழுதும் அக்காவை ஏமாற்றுகிற ஆள் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். இது அவளே தனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். அதனால் தம்பியின் வழக்குக்காக வக்கீல் அனுப்பிய பில்லைப் பார்த்ததும் அவள் அழவில்லை, சிவப்புப் பேனாவைத் தேடினாள்.

தம்பியை விட்டுப் பிரிந்த மனைவி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டில் குடியேற நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டிருந்தாள். அடுத்த வாரம் விசாரணை. தம்பி சார்பில் வக்கீல் வந்து நிற்க வேண்டுமானால், அவரிடம் கட்டிவைத்த முன்பணம் அந்த நாளுக்குப் போதுமான அளவு மிச்சமிருக்க வேண்டும். செய்த வேலையை மணிக்கணக்கில் அதிலிருந்துதான் கழிப்பார்கள். அக்கா முதலாளியிடம் கடன் வாங்கிக் கட்டிய பணம். விசாரணைக்கு முன்பே அது ஏறக்குறைய கரைந்துபோயிருந்தது.

தம்பி வேன் ஓட்டுகிறவன். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் அது அவனுக்குப் பிரசங்கம். வக்கீல் அலுவலகத்தில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் சாவிக்கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சார், சந்தேகத்தையெல்லாம் எழுதியே அனுப்பிட்டேன். ஒண்ணொண்ணா வருவோம்," என்றாள் அக்கா. "ஒரே மீட்டிங். உங்களுக்கும் ஒரு மணி நேரம், ஜூனியருக்கும் ஒரு மணி நேரம். அவங்க குறிப்புதானே எடுத்தாங்க?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. ஜூனியர் நேரத்தை எடுத்துடறேன்."

"பேப்பரை அடுக்கி நம்பர் போட்டதுக்கு வக்கீல் ரேட்டா?"

"அது குமாஸ்தா வேலை. குறைச்சுடலாம்."

"'பல்வேறு பணிகள், மூணு மணி நேரம்.' என்ன பணி சார்?"

"பிரிச்சு எழுதித் தரச் சொல்றேன். காட்ட முடியாததுக்குக் காசு வேணாம்."

"கைச்செலவுல கோர்ட் கட்டணத்துக்கு ரசீது இருக்கு. ரெண்டு டாக்சிக்கு இல்ல."

"அடிச்சுடுங்க."

அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த வேகத்தில் போனால் விசாரணைக்கான பணம் பில்லுக்குள்ளேயே கிடைத்துவிடும். கடைசியாகத்தான் பெரிய மீனுக்கு வந்தாள்.

"தொலைபேசி உரையாடல், கால் மணி நேரம். பக்கம் பக்கமா இதேதான். பாதி பில்லு இதுலயே போயிருக்கு. நாங்க போனே பண்ணல சார். யாருக்குக் காது குத்தறீங்க?"

வக்கீல் தம்பியைப் பார்த்தார். தம்பி சாவிக்கொத்தைப் பார்த்தான்.

ஜூனியர் பெண் தன் குறிப்புகளை எடுத்துவந்து தயங்கினாள். "படிங்க," என்றாள் அக்கா. அவள் படித்தாள். கட்சிக்காரர் அழைத்தார், மகளின் பள்ளி பற்றிப் பேசினார். கட்சிக்காரர் அழைத்தார், மகளுக்கு முதல் பல் விழுந்ததாகச் சொன்னார். கட்சிக்காரர் அழைத்தார், புதிதாக எதுவும் இல்லை. எல்லாம் வேலை முடிந்து வரும் மாலை நேரம். பேசியது இரண்டு நிமிடமானாலும் கால் மணி நேரம்தான் கணக்கு. ஒப்பந்தக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. அக்கா படித்துப் பார்த்துதான் தம்பியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"சார்கிட்ட சொல்லிப் இது போக பத்துக்கு மேல போன் காலை பில்லுல எழுதாமலே விட்டுட்டோம்," என்றாள் ஜூனியர், மெதுவாக.

"எதுக்குடா?" அக்காவின் குரல் உடைந்தது. "மீட்டர் ஓடுதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்கா."

"அப்புறம்?"

"வீட்டுல பாப்பா பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்ட. நான் அழறேன்னு. இவங்கதான் கேட்டாங்க. பாப்பா எப்படி இருக்கான்னு."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அக்கா கேட்டதில்லை. அவள் கையிலிருந்த பேனா மூடியில்லாமல் புடவையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

குறைத்ததையெல்லாம் கூட்டியும் விசாரணைக்குப் போதவில்லை. "தவணையா வாங்கிக்கங்க சார்," என்று கெஞ்சினாள். முன்பணம் நிரம்பாமல் அலுவலகம் ஆஜராகாது என்றார் வக்கீல். வேறு ஆளை வைக்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் வருகிறவர் கோப்பைப் படித்து முடிப்பதே கஷ்டம் என்றும் சொன்னார். எதிர்த்தரப்பு அனுப்பிய சமரசம் மேசையில் கிடந்தது: வாரத்துக்கு ஒருமுறை வீடியோ அழைப்பு, வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைச் சந்திப்பு. தனியாகப் போய் நின்று தோற்றால் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

தம்பி சமரசத்தில் கையெழுத்துப் போட்டான். முதலில் எடுத்தது அக்காவின் பேனாவை. சிவப்பு மை ஆகாது என்று வக்கீல் வேறு பேனா கொடுத்தார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தவன், பழக்கதோஷத்தில் போனை எடுத்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பல்லுடா விழுந்துச்சு பாப்பாவுக்கு?"

"கீழ் முன்பல்லுக்கா," என்றான். "இந்நேரம் புதுசு மொளைச்சிருக்கும். நான் பாக்கல."