வியாழக்கிழமை ஐந்து மில்லிமீற்றர்

வாராந்த அறிக்கை சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் மேசைக்குப் போக வேண்டும். எத்தனை பேர் பறித்தார்கள், எத்தனை கிலோ, கிலோவுக்கு ஆட்கூலி எவ்வளவு, மழை எவ்வளவு. துரை முதலில் பார்ப்பது ஆட்கூலியை; குறைந்தால் அவருக்குச் சந்தோஷம். அந்த வாரம் அது மிகவும் குறைந்திருந்தது. அறிக்கை எழுதும் கிளாக்கர் நான்; வேலைக்கு வந்து இரண்டு மாதம். மூன்றாம் மாதம் முடிந்தால்தான் நிரந்தரம்.

வியாழக்கிழமைக் கணக்கு மட்டும் இடித்தது. நாற்பது பெண்கள் பறித்த கொழுந்து மலையில் நிறுத்தபோது அறுநூறு கிலோ. தொழிற்சாலைச் சீட்டில் எழுநூற்றுப் பதினேழு.

"கொழுந்து போற வழியில வாடும். எடை குறையும். இது கூடியிருக்கே?" என்று கணக்கப்பிள்ளை இராசையாவிடம் கேட்டேன். மலையில் நிறுத்து எழுதுபவர் அவர்.

"லொறியில குட்டி போட்டிருக்கும் ஐயா. உங்க கடற்கரை ஊரு உடப்புல மீன் குட்டி போடாதா?"

"மீன் காயத்தான் செய்யும்."

ஆபீஸ் வாசலில் கொழுந்து பறிக்கும் பவளம் நின்றாள். கூடையை இன்னும் இறக்கவில்லை.

"உப்பு ஐயா, எனக்கு வியாழக்கிழமை அரைப்பேராமே?"

உப்பளங்கள் உள்ள புத்தளத்துக்காரன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். பதினாறு கிலோ பறித்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். அன்று இருபத்துமூன்று பெண்களுக்கு அரைப்பேர் விழுந்திருந்தது.

"உங்கட கணக்கில பதினைஞ்சு கிலோதானே இருக்கு" என்றேன்.

"நான் பறிச்சது பதினெட்டு. மூணு நிறுவையிலயும் ஒவ்வொரு கிலோ தண்ணிக்குன்னு வெட்டிட்டாரு இவரு. கொழுந்துல ஏதுங்க தண்ணி? என் நெத்தியிலதான் இருந்துச்சு."

இராசையா கையை விரித்தார். "ஆபீஸ் சீட்டு வந்திச்சு. மழை அஞ்சு மில்லி, ஈரக்கழிவு போடுன்னு. வெயில்தான் அடிச்சிச்சு. ஆனா சீட்டுல துரை கையெழுத்து, வெயில்ல இல்லையே."

நாற்பது பேர், மூன்று கிலோ. நூற்றிருபது. வழியில் வாடிய மூன்றைக் கழித்தால் கணக்கு சரி. மலையில் வெட்டியது தொழிற்சாலையில் திரும்பி வந்திருக்கிறது.

தினமும் காலை ஆறரைக்கு மழைமானியைப் பார்த்து சீட்டு எழுதுபவன் நான். துரை கையெழுத்துப் போடுவார்.

"இரவு மழை பெஞ்சது" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. புதன்கிழமை இரவு தூங்கிவிட்டேன். மனைவி இறந்து எட்டு மாதத்தில் விடியும்வரை தூங்கியது அன்றுதான். காலையில் மானியில் ஐந்து மில்லிமீற்றர் இருந்தது. துணிக்கொடியில் நான் இடுப்பில் கட்டும் சாரமும் நனைந்திருந்தது. எனக்குத் தெரியாமல் பெய்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பவளம் யன்னலால் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கொடி யாரு கட்டுனது?"

"நான்தான்."

மழைமானியைச் சுற்றி நாலு கட்டை நட்டிருந்தது. எதிரெதிரான இரண்டு மூலைகளுக்கிடையே கயிறு கட்டினால் துணி காயப்போட வசதியாக இருந்தது.

"புதன் ராத்திரி எதைக் காயப்போட்டீங்க?"

"சாரம்."

"பிழிஞ்சிங்களா?"

பிழியவில்லை. இந்த எட்டு மாதமாகத்தான் சொந்தமாகத் துவைக்கிறேன்.

இராசையா யன்னலடிக்கு வந்தார். கயிறு மானியின் செப்புப் புனலுக்கு நேர் மேலே போயிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"பாவம், அவருக்கு மழை புதுசு" என்றாள் பவளம். "ஆனா என் அரைப்பேரு?"

மணி மூன்று பத்து. துரை கையெழுத்திட்டால் அந்த வாரத்துப் பேர்களை மாற்ற முடியாது. பெயர்ப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பது பேருக்கும் மும்மூன்று கிலோ கூட்டினேன். வெட்டிய கணக்கிலும் பதின்மூன்றுக்குக் கீழே யாரும் இல்லை. இருபத்துமூன்று அரைப்பேரும் முழுப்பேராயின. பதினாறுக்கு மேலே போனவர்களுக்கு மேலதிகக் கிலோவுக்கும் காசு. கிலோவுக்கான ஆட்கூலி ஏறியது. அந்த வாரத்தின் அழகு போய்விட்டது.

குறிப்புக்கான இடத்தில் எழுதினேன்: "வியாழன் மழை அளவு பிழை. மானியின் மேல் என் சாரம் காய்ந்தது. ஈரக்கழிவு மீளச் சேர்க்கப்பட்டது."

மூன்றேமுக்காலுக்குத் துரையின் அறைக்குள் போனேன். அவர் ஆட்கூலியைப் பார்த்தார். புருவம் ஏறியது. பிறகு குறிப்பை இரண்டு தரம் வாசித்தார்.

"கிளாக்கர், இதை அப்படியே கொழும்பு ஆபீசுக்கு அனுப்பணுமா?"

"ஓம், சேர். இல்லாட்டி தொழிற்சாலை எடை உதைக்கும்."

"வேற காரணம் எழுதலாமே."

"கொழுந்து லொறியில குட்டி போட்டதெண்டு கணக்கப்பிள்ளை சொல்றார்."

துரை அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார். மழைக்கான இடத்தில் ஐந்தை வெட்டிப் பூச்சியம் போட்டார். கையெழுத்திட்டார்.

"கொடியை இன்றைக்கே கழற்று. அடுத்த மாதமும் நீதான் எனக்கு மழை அளக்கணும்."

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மழைச் சீட்டோடு போனேன். நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஐயா" என்றாள் பவளம், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னைக்கு மழையா, துவைச்சிங்களா?"

"துவைச்சனான்" என்றேன். "பிழிஞ்சும் போட்டன்."