மூன்று விரல் சம்மதம்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில், நாங்கள் சேர்ந்து வேலை செய்யும் விதிகளை எழுதிய அணிச் சாசனம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. நேர் கீழே கை கழுவும் தொட்டி. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் இன்சார்ஜ் சார். அவருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பதால், அது தற்செயல்தான்.

சாசனம் வந்ததற்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருந்தது. ஒரு நோயாளிக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்ததை நானும் கூட வேலை செய்யும் இன்னொருவரும் பார்த்தோம். வார்டுக்கு அவர் போன் செய்திருப்பார் என்று நானும், நான் செய்திருப்பேன் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். நோயாளி மயங்கிக் கிடந்ததை நர்ஸ்தான் பார்த்தார். ஆள் பிழைத்துவிட்டார். மேலிடம், எல்லாப் பிரிவும் ஒரு மாதத்துக்குள் சாசனம் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு ஓய்ந்தது.

ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் ஒருவர் நான்கு வண்ணப் பேனாக்களோடு வந்தார். ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். நான் குறிப்பெடுப்பவன், என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் பல பாவங்களில் எனக்குப் பங்கு உண்டு.

"நீங்க ஒரு மிருகமா இருந்தா எந்த மிருகம்? சொல்லி அறிமுகப்படுத்திக்குங்க" என்றார் பயிற்சியாளர்.

"லேப்ல வேற என்ன சார், எலிதான்" என்றான் மீசை. ரத்தம் எடுப்பவன். மீசையை எடுத்து எட்டு வருஷமாகிறது, பெயர் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை.

இன்சார்ஜ் சார் தன்னைக் கழுகு என்றார். அக்கா, "நான் மனுஷியாவே இருந்துக்கிறேன் தம்பி, அதுவே கஷ்டமா இருக்கு" என்றார். அக்கா பயோகெமிஸ்ட்ரி மிஷினைப் பார்த்துக்கொள்பவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதலில் நோக்கம். இன்சார்ஜ் சார் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். உலகத்தரம், கருணை, புதுமை, ஆரோக்கியமான நாளை எல்லாம் அதில் வரிசையில் நின்றன, வினைச்சொல் மட்டும் வரவில்லை.

"சார், இதுல ரத்தம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றார் அக்கா. "சரியான ரிசல்ட், சரியான ஆளோடது, நேரத்துக்கு டாக்டர் கைக்குப் போகணும். இதுக்குத்தானே இருக்கோம்?"

பயிற்சியாளர் அதையே எழுதினார். கழுகு கொஞ்சம் சிறகை மடக்கிக்கொண்டது.

அடுத்து வேலை முறைகள். ஆபத்தான ரிசல்ட்டைப் பார்த்தவரே கால் மணி நேரத்துக்குள் போன் செய்ய வேண்டும். கேட்டவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். கேட்டவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் மிஷின் பக்கத்தில் நின்று பேச வேண்டும். எல்லாம் உருப்படியான விஷயங்கள். நான்காவதாக இன்சார்ஜ் சார் ஒன்று சேர்த்தார்: அணிக்குள் எழும் பிரச்சினையை வெளியே கொண்டு போக மாட்டோம். குடும்பம் மாதிரி இருக்கிறதே என்று தலையாட்டினோம். குடும்பம் மாதிரிதான் இருந்தது.

பிறகு முடிவு எடுக்கும் விதிகள். பயிற்சியாளர் சார்ட்டில் மூன்று கட்டம் போட்டார். டியூட்டி, லீவு எல்லாம் எங்களைக் கேட்டுவிட்டு இன்சார்ஜ் முடிவு செய்வார். சாசனத்தை மாற்றுவது எல்லோருடைய சம்மதத்தோடு. மூன்றாவது கட்டம் அக்காவுடையது. தினமும் காலையில், அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு திரவத்தை மிஷினில் ஓட்டிப் பார்ப்போம். கன்ட்ரோல் என்று பெயர். அது வரம்பைத் தாண்டினால் மிஷின் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த ரிசல்ட்டை நிறுத்தும் முடிவு மிஷினில் இருப்பவருடையது, வேறு யாரும் அதை மீற முடியாது. இன்சார்ஜ் சாரே "கண்டிப்பா, கண்டிப்பா" என்றார். அன்றைக்கு எந்த ரிசல்ட்டும் காத்திருக்கவில்லை.

கடைசியாக, சண்டை வந்தால் அதை எப்படிப் பேசித் தீர்ப்பது. முதல் படி: இரண்டு நாளுக்குள் அந்த ஆளிடமே நேரில் சொல்ல வேண்டும். இரண்டாம் படி: இரண்டு பேரும் இன்சார்ஜ் முன்னால் உட்கார வேண்டும்.

"மூணாவது படி?" என்றார் அக்கா.

"என்கிட்ட வந்தா முடிஞ்சிடும்மா" என்றார் இன்சார்ஜ் சார்.

"சண்டையே உங்களோடன்னா?"

மீசை தன் உதட்டின் மேல் இல்லாததைத் தடவிக்கொண்டான்.

"அருமையான கேள்வி" என்றார் பயிற்சியாளர். அருமையான கேள்விகளுக்கென்றே சுவரில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். 'பார்க்கிங்' என்று தலைப்பு. இப்போது பேச முடியாததை அங்கே நிறுத்திவைக்க வேண்டும். பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பொறுப்பாளராக இன்சார்ஜ் சார் தன் பெயரையே கொடுத்தார். தேதி: மூன்று மாதத்தில் நடக்கும் மறுபரிசீலனை.

பிறகு கைவிரல் ஓட்டு. ஐந்து விரல் என்றால் முழு ஆதரவு. மூன்று என்றால் முழுத் திருப்தி இல்லை, ஆனால் இதோடு வாழ்ந்துகொள்வேன். மூடிய முஷ்டி என்றால் தடை. காரணத்தைப் பேசித் தீர்க்காமல் சாசனம் நகராது.

எல்லோரும் ஐந்து, நான்கு என்று காட்டினார்கள். அக்கா முஷ்டியை மூடியே வைத்திருந்தார்.

"அந்த மூணாவது படி இல்லாம இதை எப்படி..."

மணி ஒன்றரை. சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து வாசலில் காத்திருந்தன. எல்லோரும் அக்காவின் கையையே பார்த்தார்கள். நான் சாய்ந்து மெல்லச் சொன்னேன்: "அக்கா, மூணு மாசத்துல ரிவ்யூ இருக்குல்ல. எழுதியாச்சு, நானே எழுதியிருக்கேன். இப்போதைக்கு மூணு காட்டுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, என் பேச்சைக் கேட்டு, மூன்று விரலைப் பிரித்தார். நானும் அவருக்குத் துணையாக மூன்று காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

வீட்டில் விரல் ஓட்டைப் பற்றிச் சொன்னதும் மனைவி விளக்கம் கேட்டாள். சொன்னேன்.

"மூணுன்னா பொறுத்துக்கிறேன்னு அர்த்தமா? அதுக்கு நான் இருபது வருஷமா விரலைத் தூக்கினதே இல்லையேங்க" என்றாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பொட்டாசியம் கன்ட்ரோல் வரம்புக்கு மேலே போனது. அக்கா புதுக் குப்பி எடுத்து மறுபடி ஓட்டினார். அதுவும் மேலே. கன்ட்ரோலோடு சேர்த்தே ஏற்றிய நாற்பது மாதிரிகள் அதற்குள் ஓடி முடிந்து நின்றன. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுத்த உடல் பரிசோதனை. பகல் ஒரு மணிக்கு ரிப்போர்ட் தருவதாக இன்சார்ஜ் சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

"மத்ததெல்லாம் அனுப்பிடுங்க சார், பொட்டாசியம் மட்டும் நிக்கட்டும். காலிபிரேஷன் பண்ணி, மிஷின் அளவைச் சரிசெஞ்சு திரும்ப ஓட்டிடறேன். ரெண்டு மணி நேரம்" என்றார் அக்கா.

"பாதி ரிப்போர்ட் அனுப்பினா என்னம்மா நினைப்பாங்க?"

"சார், சாசனத்துல..."

"அது சாதாரண நாளுக்கும்மா."

உட்கார்ந்து, தன் லாகினில் நாற்பதையும் பொட்டாசியத்தோடு தானே அனுப்பினார். கழுகு பறந்ததை நான் பார்த்த ஒரே தடவை அது.

அக்கா காலிபிரேஷன் செய்து, கன்ட்ரோல் சரியான பிறகு நாற்பதையும் மறுபடி ஓட்டினார். எல்லாமே முதல் ரிசல்ட்டைவிடக் குறைவு. முதலில் ஆறு பேருக்குப் பொட்டாசியம், இதயத்துக்கே ஆபத்து என்னும் அளவுக்கு, அதிகம் என்று வந்திருந்தது. இப்போது ஒருவருக்குக்கூட இல்லை. அந்தத் தாளோடு இன்சார்ஜ் அறைக்குப் போனார். முதல் படி. அன்றைக்கே, நேரில்.

"திருத்தின ரிப்போர்ட் அனுப்பணும் சார். ஆறு பேரைப் பயமுறுத்தி வச்சிருக்கோம்."

"உங்க கருத்துக்கு நன்றி" என்றார் அவர். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

மறுநாள் இரண்டாம் படி. சண்டையில் உள்ள இரண்டு பேரும் இன்சார்ஜ் முன்னால் உட்கார வேண்டும் அல்லவா. அக்கா உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி, ஏனென்றால் அதில் உட்கார வேண்டியவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நடுவராக இருந்தார். குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்றதும் எனக்குப் புரியுது, என் பக்க நியாயமும் எனக்குப் புரியுது" என்றார் இன்சார்ஜ் சார். இரு தரப்பையும் இவ்வளவு நிதானமாகக் கேட்ட நடுவரை நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. இரு தரப்பும் கேட்கப்பட்டது. தீர்வு காணப்பட்டது."

அக்கா என்னைப் பார்த்தார். எழுதினேன். முன்பே சொன்னேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மூன்றாம் படி இல்லாததால் அக்கா அதைத் தானே கட்டினார். ஆஸ்பத்திரி தலைமை மருத்துவருக்கு இரண்டு ரிசல்ட் தாளையும் வைத்துக் கடிதம் எழுதினார். அதற்குள் அந்த ஆறு பேரில் ஒருவர் இதயம் நிற்கப்போகிறதென்று பயந்து இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பியிருந்தார். திருத்திய ரிப்போர்ட்டுகள் வெள்ளிக்கிழமை போயின. அக்கா கேட்டது நடந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது: நான்காவது விதியை மீறியதாக அவருக்கு ஒரு மெமோ வந்தது. பிரச்சினையை அணிக்கு வெளியே கொண்டு போனார். சாசனத்தில் அவருடைய கையெழுத்தே இருக்கிறது. அவரை மிஷினிலிருந்து எடுத்து, ஊர்க்கோடியில் உள்ள ரத்த சேகரிப்பு மையத்துக்கு மாற்றினார்கள். டியூட்டி முடிவு இன்சார்ஜுடையது, எங்களைக் கேட்டுவிட்டு. கேட்டார். "யாருக்காவது ஆட்சேபணை?" என்றார். எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஷூவில் ஏதோ ஒட்டியிருந்தது.

போகும் நாளில் அக்கா தன் குடையையும் காபிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டார். வாசல் வரை கூடப் போனேன்.

"அக்கா, ரிவ்யூல நான் கண்டிப்பா..."

"விடுப்பா. உன்னை நம்பித்தான் அன்னைக்கு விரலைத் திறந்தேன். மறுபடியும் ஆரம்பிக்காத" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் மறுபரிசீலனை. அதே ஸ்டோர் ரூம், அதே பயிற்சியாளர், புதுப் பேனாக்கள். மஞ்சள் தாளை விரித்தார். என் கையெழுத்தில் அந்த வரி அப்படியே இருந்தது: சண்டை இன்சார்ஜோடு என்றால்?

"பொறுப்பாளர் சொல்லுங்க" என்றார்.

"அந்த மாதிரி சூழ்நிலை இந்த மூணு மாசத்துல எழவில்லை" என்றார் இன்சார்ஜ் சார். "குறிப்பேட்டுல பாருங்க. ஒரே ஒரு கருத்து வேறுபாடு, அதுவும் இரண்டாம் படியிலேயே தீர்ந்திருக்கு. அதனால இதை நீக்கிடலாம்."

பயிற்சியாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். என் அழகான எழுத்தைப் படித்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

"சரி, விரல் பார்ப்போம்."

மேஜைக்குக் கீழே என் கை முஷ்டியாக மூடியிருந்தது. நிஜமாகவே மூடியிருந்தது, நகம் உள்ளங்கையில் பதிந்தது. இன்சார்ஜ் சார் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து. ஐந்து. மீசை நான்கு. மூன்று பேர் தள்ளி அக்காவின் இடத்தில் புதிதாக வந்த பெண், என்ன காட்டுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான் கையை மேலே தூக்கினேன். மூன்று விரல். அவளும் பார்த்து மூன்று காட்டினாள்.

இதோடு வாழ்ந்துகொள்வேன் என்று அர்த்தம். வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.