ஜான்சியின் வரி

மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் துரை சார்தான் எங்கள் கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஸ்பான்சர். டீம் லீடர் நான். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு நிலவர அறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, அதில் செய்பவர் பெயரும் இருக்கும். திட்டப்படி நடக்கும் வேலைக்குப் பச்சை, தாமதமானால் மஞ்சள், முடங்கினால் சிவப்பு. முடிந்த வேலை ஒருமுறை பச்சையில் வரும். அடுத்த வாரம் அந்த வரியையே எடுத்துவிட வேண்டும்.

எங்கள் டீமில் ஜான்சி எழுதிய, கிடங்குச் சரக்கைக் கணக்கிடும் ஸ்டாக் ப்ரோக்ராம் எப்போதும் மஞ்சள்தான்.

"ஓடுதுடி மெஹ்னாஸ், பச்சை போடேன்" என்று வாரா வாரம் சண்டைக்கு வருவாள்.

நான் சோதித்தால் ஏதாவது ஒன்று உதைக்கும். "சரி பண்ணிட்டு வா, போடி" என்பேன்.

போன ஞாயிறு, குரோம்பேட்டையில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள்.

வியாழக்கிழமை அவளுடைய ப்ரோக்ராமைச் சோதித்தேன். ஒரு பிழைகூட இல்லை. நான் கடைசியாகச் சொன்னதையும் சரிசெய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், பாவி. திட்டக்கூட ஆள் இல்லை.

சோதனை முடிவை இணைத்து மறுநாள் அறிக்கையை அனுப்பினேன். மாலையே துரை சார் போன் செய்தார்.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிருக்கேம்மா. அப்புறம் ஏன் ஜான்சி வரி மட்டும் மஞ்சளாவே இருக்கு?"

"பச்சை போட்டா அடுத்த வாரம் அவ பேரை எடுக்கணும் சார்."