நங்கூரம், 403 ஓட்டு

எங்கள் கல்லூரிக் கலைவிழாவுக்குப் பெயர் கிடையாது. வெறும் ஆண்டு விழா என்றால் வெளிக்கல்லூரிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வருஷம் பெயர் வைக்க முடிவானது. விழாச் செயலாளர் நான், ஜீவிதா. கூகுள் படிவத்தில் எண்பத்தேழு பெயர்கள் வந்தன. பிற கல்லூரிகள் வைத்துக்கொண்டவை, நடிகர்களின் பெயர்கள், ஒரு பிரியாணிக் கடையின் பெயர் எல்லாம் தள்ளியதில் மூன்று மிஞ்சின. கல்லூரி மின்னஞ்சலில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

மூன்றில் 'நங்கூரம்' நான் கொடுத்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கு அது தெரியாது. தரங்கம்பாடியில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஜெயித்தது 'கடைமடை'. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்காடு. நன்னிலத்து ஸ்ரீவத்ஸன் கொடுத்த பெயர். ஒன்பது ஓட்டு வித்தியாசம். எனக்கு வயிறு எரிந்தது.

அறிவிப்பு நாள் காலையில் முதல்வர் சாம்பசிவம் சார் கூப்பிட்டார்.

"கடைமடைன்னா தண்ணி வராத எடம்மா. மொத வருஷமே அபசகுனம். நங்கூரம்னு அறிவிச்சிடுங்க. எண்ணிக்கைய யாரு கேக்கப்போறா?"

அது என் பெயர் என்று அவருக்குத் தெரியாது. "சரிங்க சார்" என்றேன். அவர் எது சொன்னாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

அப்பா மனோகரன் கடலுக்குப் போகாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடைத் திரையில் படம் போடும் திரைக்காரரிடம் மூன்று பெயர்களின் லோகோவும் இருந்தன. நான் கடைசியில் சொல்லும் பெயரைப் போடுவார். சிறப்பு விருந்தினரில் தொடங்கி பந்தல்காரர் வரை வணக்கம் சொல்லிவிட்டு முடிவுக்கு வந்தேன்.

"மூன்றாம் இடம், நெல்மணி, 118 ஓட்டு. அடுத்து, நங்கூரம், 403 ஓட்டு."

'இரண்டாம் இடம்' என்று சொல்ல வாய் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

எங்கள் கரையில் மீன் ஏலம் கூவுகிறவர் ஒரு விலையில் நிறுத்தினால் ஏலம் முடிந்தது. அப்பா எழுந்து நின்று கை தட்டினார். முதல்வரும் சிரித்தபடி தட்டினார். அரங்கில் பாதிப்பேர் சேர்ந்துகொண்டார்கள். திரைக்காரர் மவுஸில் கை வைத்து என்னையே பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவு ஆசையாக இருந்தது.

"முதலிடம், கடைமடை, 412 ஓட்டு. நம் விழாவின் பெயர் கடைமடை."

நன்னிலத்துப் பக்கம் விசில் பறந்தது. முதல்வர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

விழா முடிந்ததும் அப்பா வாசலில் காத்திருந்தார்.

"நீ அத்தோட நிறுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காதுப்பா."



"கரையில கேப்பாங்க. என்னன்னு சொல்ல?"

"தோத்துட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார். "நீதான் மைக்குல சொன்னேன்னும் சொல்றேன்."